வியட்நாமியத் தொனிகளும் தமிழ்க் கேள்வி ஏற்றமும்

வியட்நாமிய மொழியின் ஆறு தொனிகளைப் பழகும்போது தமிழர்க்கு எளிதாகக் கைகொடுக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. ஏறும் ‘சாக்’ தொனிக்கு “வந்தானா?” என்ற கேள்வியின் ஏற்றம், இறங்கும் ‘ஹுயென்’ தொனிக்கு “வந்தான்” என்று முடிக்கும் இறக்கம். தொடக்கத்தில் இது நல்ல வழிதான். ‘மா’ என்பதைச் சமமாகச் சொன்னால் பேய், ஏற்றினால் தெற்கு வழக்கில் தாய், இறக்கினால் ‘ஆனால்’. இம்மூன்றையும் காது விரைவில் பிரித்துவிடும்.

வாக்கியம் பேசத் தொடங்கியதும் அதே வழி இடறுகிறது. தமிழில் குரலின் ஏற்ற இறக்கம் சொற்றொடருக்கு உரியது. “நேத்து, கடைக்கு, போனேன்” என்னும்போது முதல் இரண்டு சொற்களையும் தாழ்வாகத் தொடங்கி ஒவ்வொன்றின் முடிவிலும் உயர்த்துகிறோம். வியட்நாமியத்தில் தொனி அசைக்கு உரியது. சொல்லின் பொருளே அதில்தான் இருக்கிறது.

“அஞ் டி ஆ?” என்ற கேள்வியைப் பாருங்கள். “நீங்க போறீங்களா?” என்பது பொருள். நம் ‘ஆ’ விகுதியைப் போலவே அவர்களுக்கும் கடைசியில் ஓர் ‘ஆ’. ஆனால் அதன் தொனி ஹுயென். கேள்வியாக இருந்தாலும் குரல் தாழ்ந்துதான் முடிய வேண்டும். தமிழ்ப் பழக்கத்தில் உயர்த்தினால் வியப்பைக் காட்டும் வேறோர் இடைச்சொல்லாகிவிடும். “போறீங்களா?” என்று கேட்க நினைத்தவர், “அட, போறீங்களா!” என்று வியந்தவராகிறார். உள்ளூர்க்காரர் புரிந்துகொள்வார் என்பதால் பிழை திருத்தப்படாமலே ஊறிப்போகிறது. இதுவே இக்குறுக்குவழியின் பெரிய கேடு என்பேன்.

இன்னொரு குறை, இந்த ஒப்பீடு சுருதியை மட்டுமே கணக்கில் கொள்வது. ஹனோய்ப் பேச்சில் ‘ஙா’ தொனி நடுவில் தொண்டை இறுகி உடைந்து, பிறகு மேலேறும். ஏற்றத்தை மட்டும் கற்றவர் அதைச் சாக்காகவே ஒலிப்பார். சைகோனில் ஙாவும், வளைந்து திரும்பும் ‘ஹோய்’யும் ஒன்றாகிவிடுவதால் அங்கே ஐந்து தொனிகளே, தெற்கத்திப் பேச்சைப் பழகுவோர்க்கு இந்தத் தொல்லை இல்லை.

‘நாங்’ தொனிதான் நமக்கு மிகக் கடினம். தாழ்ந்த குரல் சட்டென்று தொண்டையில் அடைபட வேண்டும். ‘ஒன்று’ எனப் பொருள்படும் ‘மொட்’ இந்தத் தொனியில் வரும் சொல். வல்லின மெய்யில் சொல்லை முடிக்கும் வழக்கம் தமிழில் இல்லாததால் குற்றியலுகரம் ஒட்டிக்கொண்டு ‘மொட்டு’ ஆகிறது. ஓரசை ஈரசையாகிறது; குரல் அடைபடாமல் உகரத்தில் நழுவிப் போகிறது. உள்ளங்கையை வாய்முன் வைத்துப் பாருங்கள்: ‘ட்’ முடிந்தபின் காற்று பட்டால் உகரம் இன்னும் போகவில்லை. நாவை மேலே ஒட்டியபடியே நிறுத்தப் பழகிய பிறகே இங்கே தொனியைப் பற்றிப் பேசலாம். கேள்வி ஏற்றத்தை எவ்வளவு பயின்றாலும் இது வராது. ஆகவே முதல் வாரத்தோடு அந்த ஒப்பீட்டை விட்டுவிட்டு, நாங்கையும் ஙாவையும் தொண்டைப் பயிற்சியாகவே தொடங்குவது நல்லது.