சொற்கள் மாறாமல் பொருள் மாறும்போது: அழுத்தப் போலியை எப்படி ரசிப்பது?

ஒரு வாக்கியத்தின் சொற்களில் கை வைக்காமலேயே அதன் பொருளைத் திருப்பிவிட முடியும். ஒரு சொல்லை மட்டும் அழுத்திச் சொன்னால் போதும். அல்லது அந்த வாக்கியத்தை அதன் இடத்திலிருந்து பெயர்த்தெடுத்துத் தனியே நிறுத்தினால் போதும். அப்படித் திருப்பிய பொருளைச் சொன்னவர் தலையில் கட்டி, அதிலிருந்து ஒரு முடிவுக்கு வருவதே அழுத்தப் போலி. இதில் பொய்ச் சொல் ஒன்றுகூட இருக்காது. அதனால் இதைக் கண்டுபிடிக்கத் தனிப் பயிற்சி தேவை. பிடிபட்டுவிட்டால், மொழி எவ்வளவு நுட்பமாக இயங்குகிறது என்பதைக் காட்டும் அருமையான காட்சியாக அது மாறிவிடும்.

அழுத்தம் எப்படி வேலை செய்கிறது

“முருகன் நேற்று சாவியை மாமாவிடம் கொடுக்கவில்லை” என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளலாம். ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தால் இது சொல்வது ஒன்றுதான்: அப்படி ஒரு கொடுக்கல் நடக்கவில்லை. ‘முருகன்’ என்பதை அழுத்தினால், வேறு யாரோ கொடுத்தார்கள் என்று கேட்பவர் நினைக்கிறார். ‘நேற்று’ என்பதை அழுத்தினால், வேறொரு நாளில் கொடுத்திருக்கிறான். ‘சாவியை’ என்பதை அழுத்தினால், வேறு எதையோ கொடுத்தான். ‘மாமாவிடம்’ என்பதை அழுத்தினால், சாவி வேறொருவர் கைக்குப் போயிருக்கிறது. சாவி காணாமல் போன வழக்கில் இது எழுத்து வாக்குமூலமாக இருந்து, அதைப் படித்துக் காட்டுபவர் ‘மாமாவிடம்’ என்ற சொல்லில் குரலை உயர்த்தினால், முருகன் சொல்லவே சொல்லாத ஒரு குற்ற ஒப்புதல் அவையில் பதிந்துவிடும்.

இதற்குள் ஒரு விதி இருக்கிறது. அழுத்தப்பட்ட சொல், தன் இடத்தில் வரக்கூடிய மற்றச் சொற்களையும் கேட்பவர் மனத்துக்குக் கொண்டுவந்து அவற்றோடு தன்னை எதிர்நிறுத்துகிறது. உடன்பாட்டு வாக்கியத்தில் அந்த எதிர்நிறுத்தல் ‘இது மட்டுமே’ என்று பொருள் தரும். எதிர்மறை வாக்கியத்தில் ‘இது இல்லை, ஆனால் மற்றது உண்டு’ என்று பொருள் தரும். ஆகவே மறுப்பு வாக்கியங்களில்தான் அழுத்தப் போலிக்கு இடம் அதிகம். சொன்னது ஒரு மறுப்பு. கேட்டவர் எடுத்துச் செல்வதோ ஓர் உடன்பாட்டுக் கூற்று.

அழுத்துவது தவறல்ல. சொன்னவரே அழுத்திச் சொல்லியிருந்தால், அந்த எதிர்நிறுத்தல் அவர் கருத்தின் பகுதி. அவர் அழுத்தாத இடத்தில் வேறொருவர் அழுத்தத்தை ஏற்றி, அதிலிருந்து முடிவு எடுக்கும்போதுதான் பிழை பிறக்கிறது.

தமிழ் எழுத்தில் அழுத்தம்

தமிழ் இந்த வேலையைக் குரலுக்கு மட்டும் விடவில்லை. ஏகாரம், உம்மை, ‘தான்’, ‘மட்டும்’ ஆகியவை அழுத்தத்தை எழுத்திலேயே காட்டிவிடுகின்றன. தொல்காப்பியத்தின் இடையியல் ஏகாரத்துக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள்களைத் தருகிறது. அவற்றுள் பிரிநிலை என்பது ஒரு கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுவது. மேலே கண்ட எதிர்நிறுத்தலும் அதுவே. எனவே ஒருவர் பேச்சை எழுத்தில் தரும்போது அவர் சொல்லாத ஒரு ‘தான்’ சேர்ந்துவிட்டால், பேச்சின் பொருளே மாறியிருக்கக்கூடும். “சாலைக்குப் பணம் ஒதுக்கினோம்” என்பதும் “சாலைக்குத்தான் பணம் ஒதுக்கினோம்” என்பதும் ஒன்றல்ல. பின்னது, பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கவில்லையா என்ற கேள்வியை உடனே எழுப்பும்.

உம்மையின் கதை இன்னும் சுவையானது. “எல்லாரும் வரவில்லை” என்றால் யாருமே வரவில்லையா, சிலர் மட்டும் வரவில்லையா? பேச்சில் ‘எல்லாரும்’ என்பதை அழுத்தினால் சிலர் வந்தார்கள் என்றாகும். அழுத்தாமல் ஒரே மூச்சில் சொன்னால் ஒருவரும் வரவில்லை என்றாகும். எழுத்தில் இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. பழைய இலக்கண ஆசிரியர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள். முற்றும்மை சில இடங்களில் எச்ச உம்மையும் ஆகும் என்று தொல்காப்பியமும் நன்னூலும் விதி வகுத்துள்ளன. ‘பத்தையும் கொடுக்காதே’ என்பது போன்ற தொடர் ‘சிலவற்றைக் கொடு’ என்ற பொருளையும் தரும் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். ஒரு சங்கத்தின் கூட்டக் குறிப்பில் “உறுப்பினர்கள் எல்லாரும் வாக்களிக்கவில்லை” என்று எழுதப்பட்டிருந்தால், அதை வைத்துத் தேர்தலே நடக்கவில்லை என்று ஒருவரும், தேர்தல் முறையாக நடந்தது என்று இன்னொருவரும் வாதிட இடம் இருக்கிறது. எழுதும்போதே ‘ஒருவரும்’ என்றோ ‘சிலர்’ என்றோ குறித்துவிட்டால் வழக்கு எழாது.

அரிஸ்டாட்டிலும் டி மார்கனும்

இப்பிழையை முதலில் வகைப்படுத்தியவர் அரிஸ்டாட்டில். சோபிஸ்டுகளின் வாதப் பிழைகளை ஆராயும் நூலில், மொழியால் வரும் பிழைகள் ஆறு என்று கணக்கிட்டு, உச்சரிப்பால் வருவதை அவற்றுள் ஒன்றாக வைத்தார். ஆனால் அவர் கருதியது வாக்கிய அழுத்தத்தை அல்ல; ஒரு சொல்லின் உச்சரிப்பை. அக்காலக் கிரேக்க எழுத்தில் ஒலிக்குறிகள் இடப்படவில்லை. அதனால் ‘இல்லை’ என்ற பொருளுடைய ‘ஊ’ என்ற சொல்லும், ‘அதன்’ என்ற பொருளுடைய ‘ஹூ’ என்ற சொல்லும் எழுத்தில் ஒரே மாதிரி இருந்தன. இலியத்தின் 23ஆம் பாகத்தில், தேர்ப் பந்தயத்துக்கு முன் வரும் ஒரு மரக்கட்டை வர்ணனையில் இந்தச் சொல் இருக்கிறது. ஒரு வகையில் உச்சரித்தால் கட்டையின் ஒரு பகுதி மழையில் அழுகுகிறது. இன்னொரு வகையில் உச்சரித்தால் அது அழுகவே இல்லை. பேச்சில் இந்தக் குழப்பம் அரிது, எழுத்திலும் கவிதையிலும்தான் அதிகம் என்று அரிஸ்டாட்டில் குறிப்பிட்டது இதனால்தான்.

பிற்காலத்தில் இந்த வகை விரிந்து, வாக்கிய அழுத்தத்தையும் மேற்கோள் திரிப்பையும் சேர்த்துக்கொண்டது. அந்த விரிவை 1847இல் வெளிவந்த தம் தர்க்க நூலில் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர், மதுரையில் 1806இல் பிறந்த ஆங்கிலக் கணித அறிஞர் அகஸ்டஸ் டி மார்கன். அயலானுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்னும் விவிலியக் கட்டளையை அவர் எடுத்துக்காட்டினார். ‘எதிராக’ என்பதை அழுத்தினால், அவனுக்கு ஆதரவாகப் பொய்ச்சாட்சி சொல்லலாம் என்று படும். ‘அயலான்’ என்பதை அழுத்தினால், மற்றவர்களுக்கு எதிராகச் சொல்லலாம் என்று படும். சட்ட அறிஞர் ஜெரமி பெந்தம் இந்த வகை மயக்கத்துக்கு அஞ்சி, ஏற்ற இறக்கமே இல்லாமல் படிப்பவர் ஒருவரைத் தமக்குப் படித்துக்காட்ட அமர்த்தியிருந்தார் என்று தாம் கேள்விப்பட்ட செய்தியையும் டி மார்கன் பதிவு செய்கிறார்.

சூழலை இழந்த மேற்கோள்

மேற்கோளை வெட்டுவதும் ஒருவகை அழுத்தமே. சுற்றியுள்ள வாக்கியங்கள் ஒரு வாக்கியத்துக்கு உரிய எடையைத் தருகின்றன. அவற்றை நீக்கினால், எஞ்சிய வாக்கியம் முழு எடையோடு ஒலிக்கும். இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு, 1859இல் வெளியான சார்லஸ் டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் கண்ணைப் பற்றிய பகுதி.

தம் கோட்பாட்டுக்கு எழும் தடைகளைப் பேசும் ஆறாம் இயலில் டார்வின் கண்ணை எடுத்துக்கொள்கிறார். தொலைவுக்கேற்பக் குவியத்தை மாற்றி, உள்ளே வரும் ஒளியின் அளவைச் சீர்செய்யும் இவ்வளவு நுட்பமான உறுப்பு இயற்கைத் தேர்வால் உருவானது என்பது பெரும் அபத்தமாகத் தோன்றுகிறது என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். பரிணாமத்தை எதிர்ப்பவர்கள் பலர் இந்த வாக்கியத்தோடு நிறுத்திவிட்டு, டார்வினே தம் கோட்பாட்டை நம்பவில்லை என்று முடிவுகட்டினார்கள்.

டார்வினோ அங்கே நிற்கவில்லை. மிக எளிய கண்ணிலிருந்து மிகச் சிக்கலான கண்வரை படிப்படியான நிலைகள் இருப்பதைக் காட்ட முடிந்து, ஒவ்வொரு நிலையும் அதை உடைய உயிருக்குப் பயன்பட்டு, மாறுபாடுகள் தலைமுறைக்குத் தலைமுறை கடத்தப்படுமானால், அந்தத் தடை கற்பனைக்குப் பெரிதாகத் தெரிந்தாலும் உண்மையான தடை ஆகாது என்று அடுத்துச் சொல்கிறார். பிறகு, நிறமி பூசிய வெறும் நரம்பு நிலையிலிருந்து தொடங்கி, கணுக்காலிகளின் பலவகைக் கண்களைச் சான்றாக வைக்கிறார். பின்வந்த பதிப்பில், பூமி சுழல்கிறது என்று முதலில் சொன்னபோது பொது அறிவு அதையும் பொய் என்றது என்ற நினைவூட்டலையும் சேர்த்தார்.

முழுப் பத்தியையும் படிப்பவருக்கு இங்கே நடந்தது தெளிவாகும். டார்வினின் அழுத்தம் ‘தோன்றுகிறது’ என்ற சொல்லில் இருந்தது. வெட்டியவர்களின் அழுத்தம் ‘அபத்தம்’ என்ற சொல்லில் விழுந்தது. எதிராளியின் ஐயத்தை முழு வலிமையோடு முன்வைத்துவிட்டுப் பிறகு விடை சொல்லும் நேர்மையான எழுத்துமுறைதான் இத்தகைய வெட்டுக்கு எளிதில் இரையாகிறது.

எல்லைகளும் சோதனையும்

எல்லா மேற்கோளும் எதையாவது விட்டுத்தான் எடுக்கப்படுகிறது. விட்டதால் மட்டும் அது போலி ஆகாது. எடுத்துக்காட்டாக, கண்ணைப் பற்றிய அதே பகுதியில், நரம்பு ஒளியை உணரத் தொடங்கியது எப்படி என்ற கேள்வியை, உயிர் தோன்றியது எப்படி என்பதைப் போலவே, டார்வின் ஒதுக்கி வைக்கிறார். ‘அதை அவர் அங்கே விளக்கவில்லை’ என்று மேற்கோள் காட்டுவது நியாயமே. முன்னும் பின்னும் படித்தாலும் அந்தக் கூற்று மாறாது.

எனவே சோதனை எளியது. முதலில் வாக்கியத்தை அழுத்தமின்றி ஒருமுறை படிக்க வேண்டும். பிறகு, எடுத்த முடிவு எந்தச் சொல்லின் மீது நிற்கிறது, அச்சொல்லை எதற்கு எதிராக நிறுத்துகிறது என்று பார்க்க வேண்டும். அந்த எதிர்நிறுத்தல் சொன்னவருடையதா, எடுத்துக்காட்டியவருடையதா என்பதை மூலத்தின் முன், பின் வாக்கியங்களே காட்டிவிடும். ‘என் பேச்சைச் சூழலிலிருந்து பிரித்துவிட்டார்கள்’ என்று முறையிடுபவருக்கும் இதே அளவுகோல் பொருந்தும். விடுபட்ட எந்த வாக்கியம் பொருளை மாற்றுகிறது என்று காட்ட வேண்டியது அவர் கடமை. காட்டினால் மேற்கோள் தோற்கிறது. காட்ட முடியாவிட்டால் மேற்கோள் நிற்கிறது.