பல்லின் வேலை, நூலின் வேலை

நல்ல டி-ஷர்ட்டின் தரத்தை அதன் உள்பக்கம்தான் சொல்லும். சட்டையைப் புரட்டி மேசைமேல் விரித்து, அக்குளிலிருந்து கீழ்விளிம்புவரை இறங்கும் பக்கத் தையலைப் பார்க்க வேண்டும். நான்கு நூல் ஓவர்லாக் என்றால் இரண்டு ஊசி நூல்களும் இணைகோடுகளாக ஓடும். மேல் லூப்பர் நூல் ஒரு முகத்தையும் கீழ் லூப்பர் நூல் மறுமுகத்தையும் மூடியிருக்கும். இரண்டும் துணியின் வெட்டு விளிம்பின் மேலேயே சந்திக்கும், ஒரு முகத்துக்கோ மறுமுகத்துக்கோ சாயாமல். தையல் மேசையோடு ஒட்டிப் படுத்திருக்கும். இழுத்தால் துணியோடு சேர்ந்து நீளும், விட்டால் துணியோடு சேர்ந்து திரும்பும். இதே தையல் மோசமாக அமைந்த சட்டையில் விளிம்பு நெடுக அலை எழும்பி நிற்கும். அலையைக் கண்டதும் பெரும்பாலானோரின் கை டென்ஷன் திருகுக்குத்தான் போகிறது. அந்தப் பழக்கம் தவறு என்பது என் கட்சி. நீளவாட்டில் எழும் அலையைத் துணியை நகர்த்தும் பற்கள்தான் உண்டாக்குகின்றன. அதைப் பற்களிடமே தீர்க்க வேண்டும். நூலின் இறுக்கத்துக்கு வேறு வேலை உண்டு, அதன் முறை பிறகு வரும்.

தையல் இரண்டு விதமாகத் தட்டைத்தன்மையை இழக்கும். ஒன்று, தையல் ஓடும் திசையில் துணி நீண்டுபோய் நெளிவது. மற்றொன்று, தையலின் குறுக்கே விளிம்பு உள்நோக்கிச் சுருண்டு, நூல்களுக்குள் ஒரு குழாய்போல ஆகிவிடுவது. கண்ணுக்கு இரண்டும் ‘சரியாகப் படியவில்லை’ என்ற ஒரே குறையாகத்தான் படும். காரணங்களோ தொடர்பற்றவை. சுருளுக்குக் காரணம் லூப்பர் நூல்களின் இறுக்கம், அல்லது கத்தி விட்டுவைக்கும் துணியின் அகலம் தையலின் அகலத்தைவிடக் கூடிப்போனது. அலைக்குக் காரணம், ஊசி இறங்கும் நொடியில் துணி இழுபட்ட நிலையில் இருந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் இயந்திரத்தின் முன் பாதி நேரத்தை மிச்சப்படுத்துவார்.

துணி எப்படி இழுபடுகிறது? ஓவர்லாக் இயந்திரத்தில் பாதத்துக்கு அடியில் பற்கள் இரண்டு தொகுதிகளாக இருக்கின்றன: ஊசிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. பின்பற்கள் தைத்த துணியை வெளியே இழுக்கின்றன, முன்பற்கள் தைக்கவேண்டிய துணியை உள்ளே தள்ளுகின்றன. டிஃபரன்ஷியல் 1 என்ற நிலையில் இரண்டும் ஒரே தூரம் நகரும். நெய்த துணிக்கு அது போதும். பின்னல் துணியில் மேலிருந்து அழுத்தும் பாதம் துணியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது, பின்பற்களோ இழுக்கின்றன. நடுவில் அகப்பட்ட கண்ணிகள் நீள்கின்றன. நீண்ட நிலையிலேயே ஊசி இறங்கிவிடுகிறது. பாதத்தைவிட்டு வெளியே வந்ததும் துணி சுருங்க முயல்கிறது. அதற்குள் விளிம்பில் நூல்கள் நெருக்கமாக அடைந்து இடத்தைப் பிடித்துக்கொண்டுவிடுகின்றன. தையலுக்குப் பக்கத்தில் இருக்கும் துணி பழைய நீளத்துக்குத் திரும்புகிறது, தையல் திரும்புவதில்லை. கூடுதல் நீளத்துக்குப் போக இடமில்லாமல் அது அலையாக எழும்புகிறது. டிஃபரன்ஷியலை 1.5-க்கு உயர்த்தினால், பின்பற்கள் 2.5 மில்லிமீட்டர் நகரும்போது முன்பற்கள் ஏறத்தாழ 3.75 மில்லிமீட்டர் தள்ளும். இழுபடவிருந்த அளவு துணி முன்கூட்டியே ஊசிக்கு அடியில் வந்து சேர்ந்துவிடுகிறது. பல வீட்டு இயந்திரங்களில் இந்தத் திருகு 0.7-லிருந்து 2 வரை போகும்.

இது பற்களின் பொறுப்பே என்பதற்கு வலுவான சான்று, அலையை வேண்டுமென்றே உண்டாக்கும் ஓர் அலங்காரத்தில் இருக்கிறது. சிறுமிகளின் கவுன்களிலும் பாவாடைகளிலும் பின்னல் துணியின் விளிம்பை உருட்டி, கீரை இலையின் ஓரம்போல் நெளியவிடுவார்கள். அங்கே விளிம்பு உருள்வதற்காகக் கீழ் லூப்பரை இறுக்குகிறார்கள். நெளிவதற்காகச் செய்வது வேறு: டிஃபரன்ஷியலை 0.7-க்கு இறக்கி, தையல் நீளத்தைக் குறைத்து, தேவையானால் கையாலும் துணியை இழுத்துப் பிடிக்கிறார்கள். நூலின் இறுக்கத்தை அப்படியே விட்டுவிட்டு டிஃபரன்ஷியலை மட்டும் மேலே ஏற்றினால், உருண்ட விளிம்பு உருண்டபடியே இருக்கும், நெளிவு மறையும். ஒரே விளிம்பில் இரண்டு குணங்கள், இரண்டு திருகுகள்.

ஓர் எடுத்துக்காட்டை அளந்தே பார்த்துவிடலாம். திருப்பூரில் அன்றாடம் புழங்கும் துணியையே எடுத்துக்கொள்வோம்: பருத்தியோடு கொஞ்சம் லைக்ரா கலந்த சிங்கிள் ஜெர்சி. தைக்கப்போகும் அதே துணியின் துண்டில், தைக்கப்போகும் அதே திசையில், விளிம்போரமாக 20 சென்டிமீட்டரைச் சாக்பீஸால் குறித்து, இரண்டு அடுக்காக வைத்து ஓட்டுகிறோம். தையல் நீளம் 2.5, டிஃபரன்ஷியல் 1. தைத்தபின் அளந்தால் குறிகளுக்கிடையே 21.5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை சென்டிமீட்டர் துணியை இயந்திரம் இழுத்திருக்கிறது. முதலில் பாதத்தின் அழுத்தத்தைத் தளர்த்தி மீண்டும் ஓட்டினால் 21 ஆகலாம். பிழையின் ஒரு பங்கு பாதத்திலிருந்து வந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு டிஃபரன்ஷியல் 1.3-இல் 20.4, 1.5-இல் 20. அங்கே நிறுத்த வேண்டும். 1.8-க்குப் போனால் 19.5 ஆகி, தையலோரம் பொடிப்பொடியாகச் சுருக்கம் விழும். கண்ணால் பார்த்து ‘பரவாயில்லை’ என்பதைவிட அளவுகோல் நம்பகமானது. சிறிய அலையைக் கண் மன்னித்துவிடும், இரண்டு அடி நீளப் பக்கத் தையலில் அதே அலை பெருகிக் காட்டிக்கொடுக்கும். துணியின் திசையும் முக்கியம். பின்னல் துணி பெரும்பாலும் குறுக்கே அதிகம் நீளும், ஆகவே நீளவாட்டில் ஓடும் பக்கத் தையலுக்குச் சரியான எண், குறுக்கே ஓடும் தையலுக்குப் போதாது. ஒரே சட்டைக்குள் இரண்டு எண்கள் தேவைப்படுவது இயல்பு.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஊசி நூலைக் கொஞ்சம் இறுக்கினாலும் அலை அடங்குகிறதே, பலன் ஒன்றுதானே என்பார்கள். அடங்குவது உண்மைதான். இறுக்கிய ஊசி நூல் நீண்டுபோன விளிம்பை நாடாபோல் இழுத்துக் கட்டிப்போடுகிறது. ஆனால் பின்னல் ஆடை மேசையில் கிடப்பதற்காகத் தைக்கப்படுவதல்ல. தலைவழி நுழைத்து இழுக்கும்போது துணி நீளும், லூப்பர் நூல்கள் வளைவுகளாகக் கிடப்பதால் அவையும் இணங்கும். ஊசி நூலில்தான் மிச்சம் வைத்த நீளம் மிகக் குறைவு. இறுக்கி அந்த மிச்சத்தையும் பறித்துவிட்டால், ‘டக்’கென்று அதுதான் முதலில் அறும். அலையை மறைத்ததற்கான விலை அது. அதனால்தான் பற்களைச் சரிசெய்துவிட்டு நூலுக்கு வரவேண்டும் என்கிறேன்: அதற்குப்பின் நூலுக்குத் துணியைக் கட்டியிழுக்கும் வேலையே இல்லை, மூடிப் பிடித்தால் போதும்.

நூலுக்கு வரும்போது நான்கு நிறங்களில் கோர்ப்பதைப்போலச் சிறந்த வழி இல்லை. எது எங்கே தவறுகிறது என்பதை நிறமே சொல்லிவிடும். கோர்க்கும்போது பாதம் தூக்கியிருக்க வேண்டும், அப்போதுதான் பல இயந்திரங்களில் டென்ஷன் தட்டுகள் திறந்து நூலை உள்ளே விடும். நூல் தட்டுகளுக்கிடையே உட்காராமல் வெளியே கிடந்தால், திருகை எவ்வளவு முறுக்கினாலும் தளர்ச்சி போகாது. தட்டுகளுக்கிடையே பஞ்சு சேர்ந்திருந்தாலும் அப்படியே. இனி தையலைப் படிக்கலாம். மேல் லூப்பரின் நிறம் விளிம்பைத் தாண்டி அடிமுகத்தில் தெரிந்தால், மேல் லூப்பர் தளர்ச்சி அல்லது கீழ் லூப்பர் இறுக்கம். எதிர்ப்பக்கம் தெரிந்தால் காரணமும் எதிராகும். எந்தத் திருகைத் தொடுவது என்ற ஐயம் வந்தால், பின்னல் துணிக்கு நான் வைக்கும் விதி ஒன்றே: தளர்ந்ததை இறுக்குவதற்குமுன் இறுகியதைத் தளர்த்துங்கள். லூப்பர்கள் இரண்டையும் போட்டியாக இறுக்கிக்கொண்டே போனால் சமநிலை கிடைத்துவிடும், கூடவே விளிம்பும் சுருண்டுவிடும். அதற்காகத் தளர்த்திக்கொண்டே போகவும் முடியாது. விளிம்புக்கு வெளியே நூல் வளையங்கள் தொங்கினால் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். ஊசி நூலின் அளவை வேறு விதமாகக் காண வேண்டும். நல்லபக்கத்தில் இரண்டு துண்டுகளையும் தையலின் குறுக்கே பிரித்து இழுங்கள். நடுவில் நூல் ஏணிப்படிபோலத் தெரிந்து தையல் பல்லிளித்தால், இடது ஊசி நூலுக்கு இன்னும் சிறிது இறுக்கம் வேண்டும்.

குறுக்கே இழுத்தபின் நீளவாட்டிலும் இழுத்துப் பார்க்க வேண்டும். 10 சென்டிமீட்டரை 15 வரை இழுக்கும்போது நூல் அறுபடாமல், விட்டதும் 10-க்குத் திரும்பினால் சாதாரண டி-ஷர்ட்டுக்குப் போதும்; உடலோடு ஒட்டும் லெக்கிங்ஸுக்கு இன்னும் கூடுதலாக இழுத்துச் சோதிக்க வேண்டும். அறுந்தால், ஊசி நூலைத் தளர்த்துவது முதல் வழி. தையல் நீளத்தைச் சுருக்குவது இரண்டாவது வழி, சென்டிமீட்டருக்குள் தையல் கூடினால் உள்ளே இருக்கும் நூலும் கூடும். ஆனால் நெருக்கமான தையல் விளிம்பில் நூலை மேலும் அடைத்து அலையை மறுபடி அழைத்துவரும். எனவே தையல் நீளத்தை மாற்றினால் 20 சென்டிமீட்டர் சோதனையைத் திரும்பச் செய்தாக வேண்டும். திருகுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இந்த இடத்தில்தான் இயந்திரத்தைப் புரிந்துவைத்திருப்பவரும் எண்களை மனப்பாடம் செய்தவரும் பிரிகிறார்கள். எல்லாத் திருகிலும் 4 என்று வைத்தால் சமநிலை என்பது வெறும் நம்பிக்கை. நூலின் பருமனும் வழவழப்பும் மாறினால் அந்த 4 வேறு இறுக்கமாகிவிடும்.

கை தேர்ந்தவருக்கு டிஃபரன்ஷியல் எதற்கு, துணியை விரலாலேயே தள்ளிக்கொடுத்து நேராகத் தைத்துவிடுவாரே என்ற மறுப்பும் உண்டு. தைப்பார், சந்தேகமில்லை. அந்த விரல்களின் மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனால் அவர் தையலுக்குத் தையல் செய்துகொண்டிருப்பது முன்பற்கள் ஒரே சீராகச் செய்யக்கூடிய வேலை. பற்களால் முடியாத ஒன்றுக்கு அந்தக் கை தேவைப்படுகிறது. பற்கள் தொடுவது கீழ் அடுக்கை மட்டுமே. மேல் அடுக்கு உராய்வால்தான் உடன் வருகிறது. டிஃபரன்ஷியலை அதிகம் ஏற்றினால் கீழ் அடுக்கு முந்திக்கொண்டு உள்ளே போகும், தையலின் முடிவில் மேல் அடுக்கு ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டு நிற்கும். தையல் தட்டையாக இருந்தும் சட்டை முறுக்கிக்கொள்ளும். இரண்டு விளிம்புகளையும் இடையிடையே குறியிட்டுப் பொருத்தி, மேல் அடுக்கை ஊசிக்குச் சற்று முன்னிருந்து வழிநடத்துவது கையின் பங்கு. பின்னாலிருந்து இழுப்பது மட்டும் கூடவே கூடாது, அத்தனை அமைப்பையும் அது அழித்துவிடும்.

ஆவி இஸ்திரி போட்டால் அலை படிந்துவிடுமே என்பதற்கு என் பதில் சுருக்கமானது. லேசான அலை பருத்தியில் படியும், நானும் மறுக்கவில்லை. அதிகம் இழுபட்ட தையல் துவைத்துக் காயப்போட்டதும் மறுபடி எழும்பும், ஏனென்றால் விளிம்பில் அடைந்த நூலை இஸ்திரி எடுத்துவிடுவதில்லை. தோள் தையலின் சிக்கல் இதிலிருந்து வேறு. அது பெரும்பாலும் துணி அதிகம் நீளும் குறுக்குத் திசையில் ஓடுகிறது, சட்டையின் எடை முழுவதும் அதில்தான் தொங்குகிறது. டிஃபரன்ஷியலை ஏற்றித் தைக்கும் நாளில் தட்டையாக்கிவிடலாம். அணிய அணிய அது நீள்வதைப் பற்களாலும் நூலாலும் தடுக்க முடியாது. அங்கே மெல்லிய ஒளிபுகும் எலாஸ்டிக் பட்டியையோ நீளாத நாடாவையோ, இழுக்காமல், தையலுக்குள்ளேயே சேர்த்து ஓட்டுகிறார்கள். பட்டி சேர்ந்தவுடன் தடிமன் கூடிவிடுகிறது, துணியும் முன்போல் நீள்வதில்லை. ஆகவே பக்கத் தையலுக்காகக் கண்டுபிடித்த 1.5 அங்கே பெரும்பாலும் அதிகப்படி. பட்டி வைத்த துண்டொன்றைத் தனியாக ஓட்டி அளந்து, 1-க்குப் பக்கத்தில் புதிய எண்ணைத் தேட வேண்டியிருக்கும்.