எடுப்பில் வந்து சேர்வது

பதவர்ணம் ஆடும்போது கவனிக்க ஓர் இடம் உண்டு. நட்டுவனார் ஜதி சொல்லி முடிக்கிறார். ஆடுபவரின் கடைசித் தட்டு விழுகிறது. அடுத்த மாத்திரையில் பாடகர் பல்லவியை எடுக்கிறார், அந்த வரிக்கு அறுதி அடவு தொடங்குகிறது. ஜதி ஓடும் வரை பாடகர் வாய் திறப்பதில்லை. மடியில் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பார். ஒரு குழு எவ்வளவு ஒத்திகை பார்த்திருக்கிறது என்பது இந்த இடத்தில் தெரிந்துவிடும்.

கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். சதுஸ்ர நடை ஆதி தாளத்தில் 8 அட்சரம், அட்சரத்துக்கு 4 மாத்திரை, ஆக ஓர் ஆவர்த்தனத்துக்கு 32. 'ததிகிணதொம்' என்ற ஐந்து எழுத்துத் தீர்மானத்தை முதல் முறை எழுத்துக்கு மூன்று மாத்திரையாகச் சொன்னால் 15, அடுத்து இரண்டாகச் சொன்னால் 10, கடைசியில் ஒன்றாகச் சொன்னால் 5. கூட்டினால் 30. நடுவில் இரண்டு இடைவெளிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மாத்திரைக் கார்வை விட்டால் 32 நிறைந்துவிடும். சமத்தில் தொடங்கினால் அடுத்த சமத்தில் பாட்டு.

ஆனால் எல்லா வரியும் சமத்தில் எடுப்பதில்லை. அரை இடம் தள்ளி, அதாவது சமத்துக்கு இரண்டு மாத்திரை கழித்து எடுக்கும் வரிக்கு இதே தீர்மானத்தை வைத்தால் காலுக்கும் பாட்டுக்கும் நடுவே இரண்டு மாத்திரை வெறுமையாக நிற்கும். தீர்மானத்தை மாற்ற வேண்டியதில்லை, கார்வைகளை இரண்டிரண்டாக்கினால் போதும்: 15, 2, 10, 2, 5, மொத்தம் 34. இந்த மாற்றத்தை நட்டுவனாரும் மிருதங்கக்காரரும் ஆடுபவரும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். ஒருவர் மட்டும் பழைய கார்வையில் நின்றால் கடைசி 'ததிகிணதொம்' இரண்டாகக் கேட்கும். தாளத்தின் ஓசை ஒரு பக்கம், சலங்கை ஒரு பக்கம்.

கணக்குப் பிழையைவிட அதிகம் கேடு செய்வது காலப்பிரமாணம். ஜதியின் உற்சாகத்தில் தாளம் கொஞ்சம் கொஞ்சமாக ஓடத் தொடங்கும். தீர்மானம் சரியாகவே முடியும், சபை கை தட்டும். பிறகு பாடகர் வரியை எடுக்கும்போதுதான் பல்லவி இருந்த காலம் போய்விட்டது தெரியும். சங்கதிக்கு இடமில்லாமல் சொற்கள் நெரிபடும். தேர்ந்த நட்டுவனார் சொற்கட்டு எவ்வளவு அடர்ந்தாலும் மனத்துக்குள் பல்லவியைப் பாடிக்கொண்டே தாளம் போடுவார். தடுமாற்றம் வந்தால், அடவின் சொற்களைத் தொடராமல் வெறும் அட்சரங்களை மட்டும் அழுத்தித் தட்டிச் சமத்தைக் காட்டுவார். ஆடுபவர் முந்திவிட்டால் எடுப்பு வரும் வரை நிலையில் நிற்கலாம். பிந்திவிட்டால் பாட்டு அவருக்காகக் காத்திராது. அறுதியை விட்டுவிட்டு வரியில் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

அபிநயத்துக்கு வந்ததும் பொறுப்பு கை மாறுகிறது. இதுவரை காலுக்கு வாசித்த மிருதங்கம் இனிப் பாட்டுக்கு வாசிக்கும். தாளம் மெல்ல ஒலிக்கும். இப்போது ஆடுபவரை நடத்துவது பாடகரின் சொல். இங்கே பதம் பிரிப்பது பெரிய விஷயம். 'வாராதவன்' என்ற சொல் வரியில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ராகத்தின் நீட்சிக்காகப் பாடகர் 'வா' என்று இழுத்து நிறுத்திவிட்டுப் பிறகு 'ராதவன்' என்றால், ஆடுபவரின் கை வர மறுத்தவனைக் காட்டும்போது காதில் விழுவது அழைப்பு. கச்சேரி மேடையில் பெரிதாகத் தெரியாத குறை, நடன மேடையில் பொருளையே புரட்டிவிடும்.

பாலசரஸ்வதிக்கு அவருடைய தாயார் ஜெயம்மாளே பாடியதை இந்த இடத்தில் நினைக்கிறேன். எந்தச் சொல்லுக்கு எந்தக் கை வரும் என்பது அப்படிப்பட்ட பாடகருக்கு வீட்டிலேயே தெரிந்திருக்கும். அந்தப் பழக்கமில்லாத பாடகர் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். ஒரே வரியைப் பலமுறை பாடும்போது ஆடுபவர் சஞ்சாரியில் எங்கெங்கோ போவார். முடிந்ததும் வரியின் முதல் சொல்லுக்கு உரிய கைக்குத் திரும்புவார். அதைப் பார்த்துத்தான் பாடகர் அடுத்த வரிக்குப் போக வேண்டும். சுருதிப்பெட்டியையோ நோட்டையோ பார்த்துக்கொண்டிருப்பவர் இன்னொரு முறை அதே வரியைப் பாட, ஆடுபவர் சொல்ல ஒன்றுமில்லாமல் பழைய கையையே மறுபடி பிடிப்பார்.

சதிர் நாள்களில் குழுவினர் ஆடுபவரின் பின்னால் நின்று, மிருதங்கத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, அவர் நகர நகரக் கூடவே நகர்ந்தார்கள். இன்று பக்கவாட்டில் அமர்கிறார்கள். உட்கார்ந்து பாடுவது பாடகருக்கு வசதி. ஆனால் ஆடுபவர் எதிர்ப் பக்கம் திரும்பினால் அவருடைய கை மறைந்துவிடும். பதிவிசைக்கு ஆடும்போது பார்ப்பதற்கு ஆளே இல்லை. அதில் வரி நான்கு முறை என்றால் நான்கு முறைதான். சஞ்சாரி மூன்றாம் முறையிலேயே நிறைந்துவிட்டாலும் நான்காவது ஓடும். ஐந்தாவது கேட்டால் கிடைக்காது. பயிற்சிக்கு அது போதும். மேடையில் வர்ணம் ஆடுவதற்குப் பார்த்துப் பாடும் ஒருவராவது வேண்டும் என்றே நான் சொல்வேன். அவர் உட்காரும் இடமும் ஆடுபவரின் இரு கைகளும் தெரியும் அளவுக்கு மேடையின் முன்பக்கம் தள்ளி இருக்க வேண்டும்.