பணிவான கடிதமும் தாமத வட்டியும்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றிய மானாவாரி நிலங்களில் விளையும் சாமையை உமி நீக்கி அரிசியாக்கும் ஓர் உழவர் குழு, ஒரு லட்ச ரூபாய்ச் சரக்கைச் சமவெளி வியாபாரி ஒருவருக்கு 30 நாள் தவணையில் அனுப்பியது என்றும், தவணை தவறினால் நூற்றுக்கு ஆண்டு வட்டி 18 என்று இருவரும் முன்னரே கையெழுத்திட்டிருந்தனர் என்றும் வைத்துக்கொள்வோம். தவணை கடந்து இருபது நாட்கள் ஆனபின், "ஒப்பந்தத்தின்படி தவணைக்கு மறுநாள் முதல் வட்டி சேர்ந்து வருவதை மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று குழு எழுதும் கடிதத்தின் குணதோஷங்களை ஆராய்வதே இங்கு நோக்கம்.

அன்றுவரை சேர்ந்த வட்டி 986 ரூபாய்தான். இச்சிறு தொகைக்காக ஒரு வாடிக்கையாளரின் மனத்தை நோகச் செய்யலாமா என்ற சங்கடம் நியாயமானதே. ஆயினும் கடிதத்தின் பிரயோஜனம் தொகையில் இல்லை, நாளில் இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் வட்டிச் சட்டம், எழுத்து ஆவணத்தின்படி குறித்த நாளில் தரவேண்டிய கடனுக்கு அந்நாள் முதலும், மற்றக் கடனுக்கு, வட்டி கோரப்படும் என்று எழுத்தில் அறிவித்துக் குறிப்பிட்ட நாள் முதலும் வட்டி விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆகவே ஆவணம் ஏதோ காரணத்தால் நிலைக்காமற் போனாலும், கடிதம் ஓர் ஆரம்ப நாளையேனும் காப்பாற்றும். ஆனால் அப்போது கிடைப்பது பதினெட்டன்று, வங்கி வைப்பு வட்டியை மீறாத விகிதமே.

குறைகள் பெரும்பாலும் எழுதுபவரிடமே பிறக்கின்றன. தவணை நாளை விட்டுப் பட்டியல் தேதியிலிருந்து எண்ணினால் 50 நாட்களாகி வட்டி 2,466 ரூபாய் ஆகிவிடும். அந்த ஒரு பிழையைக் கண்ட வியாபாரி மீதிக் கணக்கையும் சந்தேகிப்பார். முன்பு பேசாத வட்டியைப் பட்டியலின் அடியில் பின்னர் அச்சிட்டு, அதையே ஒப்பந்தம் என்று கடிதத்தில் சொல்வது இன்னும் பெரிய பிழை. ஒருவர் சம்மதியாததை எவ்வளவு பணிவான சொல்லும் சம்மதமாக்காது. விகிதம் மிதமிஞ்சியிருந்தாலோ, 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அதை அபராதமாகக் கருதி நியாயமான அளவுக்குக் குறைக்க இடம் தருகிறது. சரக்கில் கல் கலந்திருந்தது, எடை குறைந்தது என்று வியாபாரி ஆட்சேபித்திருக்க, அதற்குப் பதில் கூறாமல் முழுத் தொகைக்கும் வட்டி கேட்பதும் பிணக்கை வளர்க்கவே செய்யும்.

இவற்றைக் காட்டிலும் நுட்பமான தோஷம் பணிவிலேயே ஒளிந்திருக்கிறது. "வட்டி விதிக்க நேரலாம்" என்று மழுப்பி எழுதிவிட்டு, அசல் வந்ததும் வாய் திறவாமல் கணக்கை முடிக்கும் குழு, அடுத்த முறையும் அவ்வாறே செய்தால், தாமதத்துக்கு விலையில்லை என்று வியாபாரி தெரிந்துகொள்வார். எனவே தவணை நாள், விகிதம், இன்றுவரை சேர்ந்த வட்டி ஆகிய மூன்றையும் ஐயமறக் கூறி, இன்ன தேதிக்குள் அசல் வந்தால் இம்முறை மட்டும் வட்டியைத் தள்ளுவோம் என்று எழுதுவதே மேல். அப்போது விட்டுக்கொடுப்பதுகூட, உரிமையை மறந்த செயலாகாமல், உரிமையை உணர்ந்து செய்த சலுகையாகப் பதிவில் நிற்கும்.