வெள்ளைக்கரு மலையாக எழும் அந்த நிமிடம்

தூத்துக்குடி மக்ரூன் எப்படித் தயாராகிறது என்று காட்டும் வீடியோவுக்கு எழுத்தும் குரலும் கொடுக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அடடா, என்ன அனுபவம்! முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு என்று மூன்றே பொருள்கள்தான். அவற்றுக்குள் இவ்வளவு அதிசயமா!

இப்படிப்பட்ட வீடியோக்களில் சுகாதாரக் காட்சி பெரும்பாலும் சடங்காகவே வந்துபோகும். தலைவலை, கையுறை, கை கழுவுதல், முடிந்தது. மக்ரூனில் அது கதையின் திருப்புமுனை! பாத்திரத்தில் துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ, கொஞ்சம் மஞ்சள் கரு கலந்தாலோ வெள்ளைக்கரு சரியாகப் பொங்காது. அதனால்தான் மாஸ்டர் ஒவ்வொரு முட்டையையும் முதலில் சின்னக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துவிட்டுப் பெரிய பாத்திரத்தில் சேர்க்கிறார். அந்த ஒரு ஷாட்டிலேயே சுத்தமும் தொழில் நுணுக்கமும் தெரிந்துவிடுகின்றன. கேமராக்காரர் உட்பட நாங்கள் எல்லோரும் தலைவலை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போனோம்.

அடுத்தது பீட்டர் மெஷின். சுழலும் கம்பிகளைத் துல்லியமாக உறையவைக்க ஷட்டர் வேகத்தைக் கூட்டினால், ட்யூப்லைட் வெளிச்சத்தில் படம் முழுக்கக் கோடுகள்! நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுங்குகின்றன. ஷட்டரை 1/50க்கு இறக்கியதும் கோடுகள் மறைந்தன. ஆனால் கம்பி மங்கலானது. கேமராக்காரர் கண்டுபிடித்த வழி அபாரம். சுழற்சியை மங்கலாகவே விட்டுவிட்டு, மெஷினை நிறுத்திக் கம்பியைத் தூக்கச் சொன்னார். பளபளவென்று நுரை நுனி வளையாமல் நின்றது. பதம் வந்ததற்கு அதுதான் அடையாளம். வெள்ளை வெளிறிப் போகாமல் இருக்க வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்ததில், நுரையின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது.

முந்திரியை மாவாக அரைத்தால் எண்ணெய் விட்டு நுரையை அமுக்கிவிடும். ஆகவே கொரகொரப்பான பொடியைத் தூவி, அடிக்காமல் மெல்லப் புரட்டிக் கலக்கிறார்கள். பிறகு காகிதக் கூம்பில் நிரப்பித் தட்டில் பிழியும் கை! சுழற்றி, மேலே இழுத்து, விட்டால் கூர் நுனி. இங்கே நான் பேசவே இல்லை, கையே பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுப்பில் சூடு குறைவு, நேரம் அதிகம். வேகவைப்பதைவிட உலர்த்துவதே வேலை. சூடு ஏறினால் பழுப்பேறி வெடிக்கும். ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்கிறார்கள். துறைமுகக் காற்றின் ஈரத்தைச் சர்க்கரை சும்மா விடுமா? உறிஞ்சிக்கொண்டு மொறுமொறுப்பையே கெடுத்துவிடும்.

தயாரிப்பு வீடியோ எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கண்ணுக்குத் தெரிவதைக் குரலில் திரும்பச் சொல்லாதீர்கள். அது ஏன் நடக்கிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். மிச்சத்தை மெஷினும் கையும் சொல்லிவிடும்.