கேள்விக்குறியோடு ஒரு பட்டியல்

திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனம் ஒன்றின் மேனேஜர், காரில் போகும்போதே நான்கு நிமிட வாய்ஸ் நோட் அனுப்புகிறார். “பட்டன் வந்துச்சான்னு பாரும்மா. அட்டைப்பெட்டி 300 சொல்லிரு. நேவி ப்ளூ லேப் டிப் பையருக்குப் போயிருச்சா? பெட்டி 350-ஆவே சொல்லிரு. அதை வெள்ளிக்கெழமைக்குள்ள முடிச்சிரணும்.”

இதைக் கேட்கும் மெர்ச்சண்டைசரின் நேர்த்தி ரசிக்கத்தக்கது. முதல் முறை எதையும் எழுதாமல் கடைசிவரை கேட்கிறார். சொன்னதைப் பின்னால் திருத்துவது மேனேஜரின் வழக்கம். உடனே எழுதியிருந்தால் 300 பெட்டிக்கு ஆர்டர் போயிருக்கும்.

வரிசையும் பேச்சின் வரிசை அல்ல. எது நின்றால் மற்றவையும் நிற்கும் என்று பார்க்கிறார். சாயமிட்ட துணியின் மாதிரியாகிய லேப் டிப்பைப் பையர் ஒப்புக்கொள்ளாமல் சாயப்பட்டறை வேலையைத் தொடங்காது. துணி வராமல் வெட்டவோ தைக்கவோ முடியாது. அதனால் போகிறபோக்கில் சொன்ன லேப் டிப் வேலை முதலிடத்துக்கு வருகிறது. அடுத்தது பட்டன். பேக்கிங்கின்போதுதான் தேவைப்படும் பெட்டி கடைசி.

‘அதை’ என்றால் எதை? லேப் டிப்பையா, பெட்டியையா? இந்த வெள்ளியா, அடுத்ததா? அவர் ஊகிப்பதில்லை. கேள்விக்குறி போட்டு, ஒரே சொல்லில் பதில் வரும்படி எழுதுகிறார்: “3:10-ல் ‘அதை’ = லேப் டிப்? இந்த வெள்ளியா, அடுத்த வெள்ளியா?” நொடிக்குறிப்பு இருப்பதால் மேனேஜர் முழுவதையும் மறுபடி கேட்க வேண்டியதில்லை.

பதில் வந்தது: “லேப் டிப். இந்த வெள்ளி.”