உத்தரவாதக் கடிதத்தில் கனக்கும் தேதி

புனேயின் தாபோடியில் உள்ள ராணுவப் பொறியியல் கல்லூரிக்குப் பொருள் வழங்க ஒரு சிறு நிறுவனம் 40 லட்ச ரூபாய்க்கு ஆர்டர் பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்குவது நடுவண் அரசு என்பதால் செயல்திறன் பிணையம் கேட்பார்கள். 5 விழுக்காடு என்றால் 2 லட்சம். அதற்கு வங்கி உத்தரவாதம் கேட்டுக் கிளைக்கு எழுதும் கடிதத்தில் தொகை, செல்லுபடிக் காலம், மார்ஜின் பணம் ஆகிய மூன்றும் இருக்கும். வழக்கமாகப் பேரம் நடப்பது மார்ஜினில். வழங்குபவரை அதிகம் பாதிப்பதோ காலம்.

இந்த ஏற்பாட்டின் பலம் தெளிவானது. 2 லட்சத்தையும் ரொக்கமாகக் கட்டினால் அது முடங்கிவிடும். 25 விழுக்காடு மார்ஜின் என்றால் 50,000 ரூபாயை வைப்பு நிதியில் போட்டால் போதும். அதற்கு வட்டியும் வரும். ஆனால் மீதி ஒன்றரை லட்சத்துக்கு வங்கிக்கு எது பிடிமானம்? ஏற்கெனவே அனுமதிக்கப்பட்ட உத்தரவாத வரம்பு இருந்தால் அதைக் கடிதத்திலேயே குறிப்பிட வேண்டும். வரம்பும் வேறு சொத்துப் பிணையமும் இல்லாதவரிடம் வங்கி முழுத் தொகையையும் மார்ஜினாகக் கேட்கலாம். அப்போது உத்தரவாதத்தின் முக்கியப் பயனே போய்விடுகிறது.

இனி தேதிக்கு வருவோம். 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 171ஆம் விதி, வாரண்டிக் கடமை உட்பட எல்லாம் முடிந்த பின்னும் 60 நாள் பிணையம் செல்லுபடியாக வேண்டும் என்கிறது. 2025 ஜனவரித் தொடக்கத்தில் உத்தரவாதம் பெற்று, ஜூன் 30க்குள் பொருளை ஒப்படைத்தால், ஓராண்டு வாரண்டி 2026 ஜூன் 30 வரை ஓடும். 60 நாள் சேர்த்தால் ஆகஸ்ட் 29. ஏறத்தாழ 20 மாதம்.

அதோடு முடிவதில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 28ஆம் பிரிவின் மூன்றாம் விதிவிலக்கைக் காட்டிப் பல வங்கிகள் கோரிக்கைக் காலமாக மேலும் ஓராண்டைச் சேர்த்துக் கமிஷன் வாங்கின. ஆண்டுக்கு 2 விழுக்காடு கமிஷன் என்றால் 4,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் கூடுதல். மார்ஜினும் 32 மாதம் சிக்கிக்கிடக்கும். அந்தப் பிரிவு பேசுவது வழக்குத் தொடுப்பதற்கான காலத்தைப் பற்றியே, கோரிக்கைக் காலத்தைப் பற்றி அல்ல என்று 2021இல் லார்சன் அண்ட் டூப்ரோ வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் விளக்கியது. ஆகவே “20 மாதத்துக்கு” என்று பொதுவாக எழுதாமல், செல்லுபடி முடியும் நாளையும் கோரிக்கைக்கான கடைசி நாளையும் தனித்தனியே எழுதுவது நல்லது. வாங்குபவரின் படிவம் கேட்காத ஓராண்டை நாமாகத் தர வேண்டியதில்லை.

முடிவு நாளை நெருக்கிக் கேட்பதிலும் ஆபத்து உண்டு. ஒப்படைப்பு இரண்டு மாதம் தள்ளினால் வாரண்டியும் தள்ளும். உடனே “நீட்டுங்கள், இல்லையேல் பணம் தாருங்கள்” என்ற கடிதம் வங்கிக்குப் போகும். நிபந்தனையற்ற உத்தரவாதத்தில், மோசடியோ ஈடுசெய்ய முடியாத இழப்போ இல்லாவிட்டால் நீதிமன்றம் பணம் தருவதைத் தடுக்காது. தாமதம் வரும் என்று தெரிந்தவர் நீட்டிப்பு விண்ணப்பத்தை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும்.

பெரிய குறை, பொருள் முழுதும் போய்ச் சேர்ந்த பிறகும் தொகை குறையாமல் நிற்பது. வழங்கும் காலத்துக்கு ஒன்று, வாரண்டிக்குச் சிறிய தொகையில் இன்னொன்று என்று பிரித்தால் அரசின் பாதுகாப்பு பெரிதாகக் குறையாது. சிறு நிறுவனத்தின் வரம்பு அடுத்த ஆர்டருக்கு விடுபடும்.